கரன்சி போர்டு எந்த ரூபாய்க்குப் பொறுப்பு?

"2022 இல் ரூபாய் விழுந்ததில் அப்பா வங்கியில் போட்டிருந்த ஓய்வூதியச் சேமிப்பின் பெறுமதி பாதியாகிவிட்டது. கரன்சி போர்டு இருந்தால் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் டொலர் இருக்கும், ரூபாய் விழவே விழாது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மையா? கையிருப்பில் உள்ள டொலரையும் வெளியிடும் பணத்தையும் எப்படிப் பிணைக்கிறார்கள்?" (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் டொலர் இருக்காது. உங்கள் கையில் இருக்கும் நாணயத்தாளுக்கு இருக்கும். வணிக வங்கிகள் அந்தப் போர்டிடம் வைத்திருக்கும் நிலுவைக்கு இருக்கும். உங்கள் அப்பாவின் வைப்புக் கணக்கில் இருந்த ரூபாய்க்கு இருக்காது. வங்கியில் வெளிநாட்டு நாணயப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். கரன்சி போர்டு பற்றிய பேச்சு வரும் இடமெல்லாம் இந்த ஒரு வேறுபாடு விடுபட்டுப்போவதைக் காண்கிறேன். விடுபட்டால் மனிதர்கள் தவறான இடத்தில் நம்பிக்கை வைத்துவிடுவார்கள். ஆகவே முதலில் பிணைப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அப்பாவின் வைப்புக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பாதுகாப்பு நிலையத்துக்குப் போனால் சைக்கிளை விட்டதும் ஒரு துண்டு தருவார்கள். உள்ளே எத்தனை சைக்கிளோ வெளியே அத்தனை துண்டுகள். துண்டைக் கொடுத்தால் சைக்கிள் வரும், அந்தத் துண்டு செல்லாததாகும். சைக்கிள் வராமல் துண்டு கொடுக்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. மத்திய வங்கிக்குப் பதிலாக நாணயம் வெளியிடும் அமைப்பான கரன்சி போர்டும் அப்படித்தான். ஒரு விலையைச் சட்டமாக எழுதுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு டொலர் கொண்டுவருபவருக்குப் போர்டு ரூபாய் கொடுத்தே ஆகவேண்டும். ரூபாய் கொண்டுவருபவருக்கு டொலர் கொடுத்தே ஆகவேண்டும். வேறு எந்த வழியாலும் ரூபாய் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. நடைமுறையில் பொதுமக்கள் போர்டின் வாசலுக்குப் போவதில்லை. வங்கிகள் தமக்குள் கொடுத்து வாங்கிக் கழித்தது போக எஞ்சிய தொகை மட்டுமே அங்கே போகும்.

போர்டின் ஐந்தொகையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சொத்துப் பக்கத்தில் 1 பில்லியன் டொலர் இருக்கிறது. பொறுப்புப் பக்கத்தில் 300 பில்லியன் ரூபாய் இருக்கிறது. அதில் 220 பில்லியன் மக்களிடம் உள்ள நாணயத்தாள், 80 பில்லியன் வங்கிகள் போர்டில் வைத்திருக்கும் நிலுவை. தேயிலை ஏற்றுமதியாளர் ஒருவரின் வங்கி 10 மில்லியன் டொலரைக் கொண்டுவருகிறது. சொத்து 1,010 மில்லியன் டொலர் ஆகிறது; வங்கியின் நிலுவையில் 3 பில்லியன் ரூபாய் கூடுகிறது. அடுத்த வாரம் எரிபொருள் இறக்குமதிக்காக இன்னொரு வங்கி 30 மில்லியன் டொலர் கேட்கிறது. 9 பில்லியன் ரூபாய் போர்டுக்குள் திரும்பி வந்து அழிகிறது. இப்போது கையிருப்பு 980 மில்லியன் டொலர், ரூபாய் 294 பில்லியன். பெருக்கிப் பாருங்கள், பொருந்தும். எந்த நாளில் எவர் ஓடிவந்தாலும், வெளியே உள்ள 294 பில்லியனும் ஒரேயடியாகத் திரும்பி வந்தாலும், போர்டு எல்லோருக்கும் டொலர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தலாம். ஊக வணிகர்கள் சாதாரண மத்திய வங்கியொன்றின் நிலையான வீதத்தைத் தாக்குவதற்குக் காரணம் அதன் கையிருப்பு வெளியே உள்ள ரூபாயை விடக் குறைவு என்பதே. இங்கே அந்தக் காரணம் அற்றுப்போகிறது.

கையிருப்புச் சும்மா கிடக்காது. அதை வெளிநாட்டு அரசுகளின் குறுகிய காலக் கடன்பத்திரங்களில் போட்டு வட்டி எடுப்பார்கள். நாணயத்தாளுக்குப் போர்டு வட்டி கொடுப்பதில்லை என்பதால் அந்த வட்டி முழுவதும் ஆதாயம். கடன்பத்திரங்களின் விலை விழக்கூடும் என்பதற்காக நூற்றுக்கு நூறு என்று நிறுத்தாமல் 105 அல்லது 110 வரை வைத்திருப்பது நல்ல வழக்கம். ஆனால் சொந்த அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல் ஒன்றைக்கூட வாங்கக் கூடாது. இந்த முறையின் கழுத்து நரம்பு அதுதான். அரசாங்கம் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று வந்து நின்றால் போர்டு கையை விரிக்க வேண்டும்.

இனிப் பலர் யோசிக்காத பக்கம். டொலர் வெளியே போனால் ரூபாய் சுருங்குகிறது என்றேன். சுருக்கம் எப்படி வலிக்கும்? வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுத்துத் தீர்ப்பதற்காகப் போர்டில் வைத்திருக்கும் நிலுவை குறைகிறது. இருப்பவர் இல்லாதவரிடம் அதிக வட்டி கேட்கிறார். வட்டி ஏறினால் கடன் வாங்கிக் கட்டடம் கட்டுவோரும் வாகனம் இறக்குவோரும் நிற்பார்கள், இறக்குமதி குறையும், அதிக வட்டிக்காக வெளிநாட்டுப் பணம் திரும்பி வரும், டொலர் கூடும், ரூபாயும் கூடும். எவரும் கூட்டம் போட்டு முடிவெடுக்காமலே இது தானாக நடக்கும். ஹாங்காங் 1983 ஒக்டோபரிலிருந்து ஒரு அமெரிக்க டொலருக்கு 7.80 ஹாங்காங் டொலர் என்ற வீதத்தைப் பிடித்துவருகிறது. அங்கே நாணயத்தாள் அச்சிடும் வணிக வங்கிகள் அந்த வீதத்தில் அமெரிக்க டொலரைக் கட்டி, அதற்குரிய சான்றிதழைப் பெற்ற பின்பே தாளை வெளியிடலாம். 1997 இல் ஆசிய நெருக்கடியின்போது ஹாங்காங் டொலரைக் கைவிட்டு ஓட முயன்றவர்கள் பெருந்தொகையை விற்றார்கள். அதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய ஒக்டோபர் 23 அன்று வங்கிகளிடம் உள்ளூர்ப் பணம் போதவில்லை. ஓரிரவுக் கடனின் வட்டி ஆண்டுக்கு 280 சதவீதம் வரை போயிற்று. பங்குச் சந்தை அன்று ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. வீதம் மட்டும் அசையவில்லை. அன்று ஹாங்காங்கில் கடன் வைத்திருந்தவர் ஒருவரிடம் "உங்கள் நாணயம் உறுதியாக நின்றது" என்று சொன்னால் அவருக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இது நமக்கு அந்நியமான முறையும் அல்ல. இலங்கை 1884 முதல் 1950 வரை கரன்சி போர்டு நாடாகவே இருந்தது. அதற்கு முன் நாணயத்தாள் வெளியிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுள் பெரியதான ஓரியண்டல் வங்கி, கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தோட்டக் கடன்கள் மூழ்கிய காலத்தில், 1884 மே மாதம் கதவை மூடியது. அதன் தாள்களை வைத்திருந்தவர்கள் கலங்கிப்போக, ஆளுநர் ஆதர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். உத்தரவாதம் தாள்களுக்கு மட்டுமே. அந்த வங்கியில் வைப்பு வைத்திருந்தவர்கள் கலைப்புக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நாணயத்தாள் கட்டளைச் சட்டம் வந்து, தாள் வெளியிடும் உரிமை அரச ஆணையாளர் குழுவொன்றுக்குப் போனது. கையிருப்பில் ஒரு பகுதி வெள்ளி ரூபாயாகவும் மற்றப் பகுதி கடன்பத்திரங்களாகவும் இருந்தது. தாளுக்கு ஒரு பாதுகாப்பு, வைப்புக்கு வேறொரு விதி என்ற பிரிவு அன்றைக்கே நம் நாட்டில் தெளிவாக நடந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு இந்த முறையின் நல்ல பக்கமும் தெரிந்திருந்தது. மலாயாவில் புகையிரதத்திலும் அரச அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பிய காலம் அது. மலாயா டொலரும் ஒரு கரன்சி போர்டால் ஸ்டேர்லிங்குடன் பிணைக்கப்பட்டிருந்தது: 1906 முதல் ஒரு டொலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ். இலங்கை ரூபாய் இந்திய ரூபாய்க்குச் சமம். இந்திய ரூபாய் 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். கோலாலம்பூரில் ஒருவர் 30 டொலர் அனுப்பினால் அது 70 ஷில்லிங். அதைப் பென்ஸாக்கினால் 840; 18 ஆல் வகுத்தால் 46 ரூபாய் 66 சதம், வங்கிக் கழிவு வேறு. 1930 களில் எந்த மாதம் அனுப்பினாலும் ஏறக்குறைய அதுவே. காணி வாங்க, வீடு கட்ட, சீதனம் சேர்க்க ஆண்டுக்கணக்கில் திட்டம் போட அந்த உறுதி உதவியது. இன்று ரொறன்ரோவிலிருந்து வரும் பணத்துக்கு நாளைய வீதம் என்னவோ என்று காத்திருந்து, கூடுதல் வீதம் கிடைக்கும் என்பதால் உண்டியல்காரரிடம் போகும் தலைமுறைக்கு அது கனவுபோல் தோன்றலாம்.

அதே 1930 களில் தேயிலை, றப்பர், தேங்காய் விலைகள் உலகச் சந்தையில் விழுந்தபோது அதே முறை மறுமுகத்தைக் காட்டியது. ஏற்றுமதி வருமானம் குறைந்தது, அதோடு உள்ளூர்ப் பணமும் சுருங்கியது, வேலையில்லாதவர் பெருகிய நேரத்தில் கடனும் கிடைக்காமல் போயிற்று. மழை இல்லாத ஆண்டில் கிணற்றையும் மூடும் விதி என்று இதை எதிர்த்தவர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. இன்னொரு விடயமும் உண்டு: நங்கூரம் அசைந்தால் கப்பலும் அசையும். 1949 செப்டெம்பரில் பிரித்தானியா பவுணின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கை ரூபாயும் கூடவே இறங்கி, ஒரு அமெரிக்க டொலர் 4 ரூபாய் 76 சதமாயிற்று. கையிருப்பில் குறை எதுவும் இருக்கவில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் எக்ஸ்டரின் அறிக்கையின் அடிப்படையில் நாணய விதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1950 ஓகஸ்ட் 28 அன்று மத்திய வங்கி தொடங்கியபோது முன்வைக்கப்பட்ட முதன்மைக் காரணம், ஏற்றுமதி நல்ல காலத்தில் பணத்தைப் பெருக்கி, கெட்ட காலத்தில் சுருக்கும் இந்தப் போக்கை மாற்றுவதுதான்.

இப்போது அப்பாவின் வைப்பு. வங்கி உங்களிடம் பெற்ற 100 ரூபாயில் ஒரு சிறு பகுதியை ரொக்கமாக வைத்துக்கொண்டு மிகுதியைக் கடனாகக் கொடுக்கிறது. கடன் பெற்றவர் செலவிட்ட பணம் இன்னொரு வங்கியில் வைப்பாக வருகிறது. ஆகவே நாட்டிலுள்ள வைப்புகளின் கூட்டுத்தொகை, நாணயத்தாளும் வங்கிகளின் நிலுவையும் சேர்ந்த அடிப்படைப் பணத்தைப் போலப் பல மடங்கு. கரன்சி போர்டு பொறுப்பேற்பது அந்த அடிப்படைப் பணத்துக்கு மட்டும். மக்கள் வைப்பை எடுத்து டொலராக்க ஓடினால், போர்டிடம் டொலர் தீருமுன் வங்கிகளிடம் ரூபாய் தீரும். வேறு நாடுகளில் அப்போது மத்திய வங்கி பணம் அச்சிட்டு வங்கிக்குக் கடன் கொடுக்கும். போர்டு கொடுக்கக் கூடாது.

ஆர்ஜன்டினாவில் இது முழுமையாக நடந்து முடிந்தது. 1991 ஏப்ரலிலிருந்து நாணயத்தை டொலருடன் பிணைக்கும் சட்டம் இருந்தது; 1992 இல் பேசோ வந்ததும் ஒரு பேசோவுக்கு ஒரு டொலர் என்றாயிற்று. முந்திய பெரும் பணவீக்கம் அடங்கியது. மக்கள் அதை நேசித்தார்கள். ஆனால் மாகாணங்களும் மத்திய அரசும் வெளிநாட்டில் டொலர்க் கடன் வாங்கிக்கொண்டே போயின. 1999 இல் அயல்நாடான பிரேசில் தன் நாணயத்தை விழவிட்டதும் ஆர்ஜன்டினாவின் பொருள்கள் விலை கூடிப்போய் விற்க முடியாமல் தேங்கின. 2001 இல் வைப்பாளர்கள் வங்கிகளிலிருந்து வெளியேறத் தொடங்க, டிசம்பர் தொடக்கத்தில் அரசாங்கம் வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது என்றது. 2002 ஜனவரியில் பிணைப்பே நீக்கப்பட்டது. டொலரில் வைத்திருந்த வைப்புகளையும் டொலருக்கு 1.40 பேசோ என்ற கணக்கில் பேசோவாக மாற்றினார்கள். அதே ஆண்டின் நடுப்பகுதிக்குள் சந்தையில் ஒரு டொலர் நான்கு பேசோவை நெருங்கியது. கையிருப்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வங்கிகளைப் பற்றிக் கேட்காதவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை ஆற அமர எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆர்ஜன்டினாவை முழுத் தூய்மையான கரன்சி போர்டு என்று சொல்லவும் முடியாது. அதன் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குவரை சொந்த அரசாங்கம் டொலரில் வெளியிட்ட கடன்பத்திரங்களாக இருக்கலாம் என்று இடம் விடப்பட்டிருந்தது. அரசாங்கம் தடுமாறும் நாளில்தான் கையிருப்பு தேவைப்படும். அதே நாளில்தான் அந்தப் பத்திரத்தின் விலையும் விழும். ஆகவே ஒரு நாடு தன்னிடம் கரன்சி போர்டு இருக்கிறது என்று சொன்னால் அதன் ஐந்தொகையில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். ஒன்று, கடன் கழித்த பின் எஞ்சும் நிகர வெளிநாட்டுச் சொத்து அடிப்படைப் பணத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? மற்றது, அரசாங்கத்துக்கும் உள்ளூர் வங்கிகளுக்கும் கொடுத்த கடன் என்ற வரி மாதத்துக்கு மாதம் அசைகிறதா? அது அசைந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் அது சாதாரண மத்திய வங்கிதான்.

இந்த இரண்டு வரிகளை 2021 இறுதியின் இலங்கைக்குப் பொருத்துங்கள். அடிப்படைப் பணம் சுமார் 1.3 டிரில்லியன் ரூபாய். வைப்புகளையும் சேர்த்த பணம் 10 டிரில்லியனுக்கு மேல். அறிவிக்கப்பட்ட வெளிநாட்டுக் கையிருப்பு சுமார் 3.1 பில்லியன் டொலர். அதில் ஏறக்குறைய பாதி, கொடுப்பனவுக்குப் பயன்படுத்த முடியாத சீன நாணய மாற்று வசதி. அப்போதைய 200 ரூபாய் வீதத்தில் 1.3 டிரில்லியனை முழுவதும் தாங்க 6.5 பில்லியன் டொலர் வேண்டும். இருந்ததையெல்லாம் எண்ணினாலும் பாதிகூட இல்லை. சீன வசதியைக் கழித்தால் கால்வாசி. இருந்த டொலருக்கேற்ப வீதத்தை வைப்பதானால் 3.1 பில்லியனுக்கு டொலர் ஒன்று 420 ரூபாயளவில் தொடங்கியிருக்க வேண்டும், 1.6 பில்லியனுக்கு 800 ஐத் தாண்டியிருக்கும். இன்னும் கண்டிப்பாகப் பார்த்தால், மத்திய வங்கி வெளிநாட்டுக்குக் கொடுக்க வேண்டியதையும் கழிக்கும்போது அதன் நிகர வெளிநாட்டுச் சொத்து அப்போது பூச்சியத்துக்கும் கீழே இருந்தது. பூச்சியத்துக்குக் கீழான கையிருப்பை வைத்துக்கொண்டு எந்த வீதத்திலும் போர்டு தொடங்க முடியாது. முதலில் கையிருப்பைக் கடனாகவோ உதவியாகவோ பெற வேண்டும். 2022 மார்ச்சில் வீதத்தை விட்டதும் ரூபாய் மே மாதத்துக்குள் 360 வரை போனதற்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

எனக்கு ஐயமில்லாதவை இவை: முழுக் கையிருப்புள்ள போர்டு தன் தாளை எந்த நாளும் மாற்றித்தர முடியும், அரசாங்கத்துக்குப் பணம் அச்சிடும் வழி அடைபடும், வைப்புகளுக்கு அது பொறுப்பல்ல. அறிஞர்களே உடன்படாத இடம் ஒன்று உண்டு: போர்டு வந்தால் அரசியல்வாதிகள் வரவுக்குள் செலவு செய்யப் பழகிவிடுவார்களா என்பது. பல்கேரியா பழகியது. 1997 ஜூலையில் பெரும் பணவீக்கத்தின் நடுவே போர்டு அமைத்து, அரச கடனைக் குறைத்து, 2026 ஜனவரியில் யூரோவுக்குள் போகும்வரை அதைக் காத்தது. ஆர்ஜன்டினா பழகவில்லை. சட்டத்தின் வாசகங்களை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் இன்றைய இலங்கைக்குப் போர்டு வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை முதல்நிலை ஏலத்தில் மத்திய வங்கி வாங்குவதைத் தடுத்திருக்கிறது. போர்டின் கட்டுப்பாட்டில் பெரும் பகுதி அதுவே. வீதம் அசையக்கூடியதாக இருப்பதால், வெளியிலிருந்து அடி விழும் ஆண்டில் எல்லாச் சுமையும் வேலைவாய்ப்பின் மீதும் வங்கிகளின் மீதும் போகாது.

2022 இல் போர்டு இருந்திருந்தால் அப்பாவுக்கு என்ன நடந்திருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் முன்பே முழுக் கையிருப்போடு தொடங்கியிருந்தால் அரசாங்கம் 2020, 2021 இல் அவ்வளவு பணம் அச்சிட்டிருக்க முடியாது; கொடுக்க முடியாத கடன் இன்னும் முன்கூட்டியே வெளிப்பட்டிருக்கும். ரூபாய் 200 இலேயே நின்றிருக்கலாம். ஆனால் அரசாங்கத்துக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்த வங்கிகள் அந்தக் கடன் திரும்பாமல் சிக்கியிருக்கும், அவற்றுக்குக் கைகொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அப்போது அப்பா கேட்க வேண்டிய கேள்வி "என் ரூபாய்க்கு எத்தனை டொலர்?" என்பதாக இருந்திருக்காது, "இந்த வாரம் எவ்வளவு எடுக்க விடுவீர்கள்?" என்பதாக இருந்திருக்கும்.